பார்லியை வடிகட்டாதீர்கள்

காலில் வீக்கம் என்றாலும் நீர்க்கடுப்பு என்றாலும் தமிழ்நாட்டு வீடுகளில் உடனே அடுப்பில் ஏறுவது பார்லித் தண்ணீர். ஒரு கைப்பிடி பார்லியைக் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, உப்போ எலுமிச்சைச் சாறோ சேர்த்து டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார்கள். வடிகட்டியில் தங்கிய தானியம் குப்பைக்கோ செடிக்கோ போய்விடும். அதே வீட்டில், “மூணு நாளா வயிறு போகலே” என்று ஒரு பெரியவர் மலமிளக்கி மாத்திரையைத் தேடிக்கொண்டிருப்பதும் உண்டு. அவருக்கு வேண்டியதில் பெரும்பங்கு அந்த வடிகட்டியில் கிடந்தது.

பார்லிக் கஞ்சியோ ஓட்ஸ் கஞ்சியோ ஆறும்போது கெட்டியாகி, கரண்டியில் வழவழவென்று ஒட்டிக்கொள்வதைச் சமைப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த வழவழப்புக்குப் பெரிதும் காரணமாக இருப்பது பீட்டா குளுக்கான் என்னும் நார்ச்சத்து. தானியத்துக்குள் மாவுச்சத்து சின்னச் சின்ன அறைகளில் அடைந்திருக்கிறது. அந்த அறைகளின் சுவர்கள் கட்டப்பட்டிருப்பது இந்த நாரால். இதுவும் மாவுச்சத்தைப் போலவே குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலிதான். ஆனால் கண்ணிகள் இணைந்திருக்கும் விதம் வேறு. அந்த இணைப்பை வெட்டும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை. அதனால் சோறும் இட்லியும் சிறுகுடலிலேயே கரைந்து ரத்தத்தில் கலந்துவிட, இது மட்டும் முழுதாகப் பெருங்குடல்வரை போய்ச் சேர்கிறது.

எல்லாத் தானியத்திலும் இது ஒரே அளவில் இல்லை. 100 கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். பார்லியில் வகையைப் பொறுத்து 4 முதல் 6 கிராம், சில வகைகளில் அதற்கு மேலும் உண்டு. ஐரோப்பாவில் ரொட்டிக்குப் பயன்படும் ரை என்ற தானியத்தில் சுமார் 2 கிராம். கோதுமையில் 1 கிராமுக்கும் குறைவு. அரிசியில் இல்லை என்றே சொல்லிவிடலாம். கேழ்வரகு, கம்பு, சாமை போன்றவற்றில் நார் உண்டு, நல்ல நார்தான். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீரில் கரையாத வகை. அதன் வேலை வேறு. ஆகவே பீட்டா குளுக்கானுக்கென்று ஒருவர் தேடிப் போக வேண்டியவை இரண்டே தானியங்கள்: ஓட்ஸும் பார்லியும்.

இந்த இரண்டுக்கும் இடையே கடையில் வாங்கும்போது உதவும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் தானியத்தின் வெளிப்புற அடுக்குகளில் செறிந்திருக்கிறது. அதனால் ஓட்ஸ் தவிட்டில் அது கூடுதல். பார்லியிலோ தானியத்தின் நடுப்பகுதிவரை பரவியிருக்கிறது. தீட்டி வெள்ளையாக்கிய முத்துப் பார்லியை வாங்கினாலும் அதில் பெருமளவு மிஞ்சியிருக்கும். தீட்டினால் சத்தெல்லாம் போய்விடும் என்ற பொதுவிதி அரிசிக்குப் பொருந்துகிற அளவுக்கு இங்கே பொருந்தாது. தீட்டாத பார்லி கிடைத்தால் நல்லது, வெளித்தோலின் நாரும் சேர்ந்து கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் மளிகைக் கடையில் காலங்காலமாக விற்கும் சாதாரணப் பார்லியே போதும்.

மால்ட் பானங்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பார்லியை முளைகட்டித்தான் மால்ட் செய்கிறார்கள். முளைக்கும் விதை தன் உணவை எடுத்துக்கொள்வதற்காக முதலில் அந்த அறைச் சுவர்களைத்தான் நொதிகளால் உடைக்கிறது. மால்ட் தூளாகும்போது பீட்டா குளுக்கானில் பெரும்பகுதி சிதைந்துபோயிருக்கும். பாலில் கலக்கும் மால்ட் பானத்தைப் பார்லியின் பெயரைச் சொல்லி மலச்சிக்கலுக்குக் கொடுப்பதில் பயன் இல்லை.

வடிகட்டிய பார்லித் தண்ணீரிலும் இந்த நார் ஓரளவு கரைந்து வருவது உண்மை. கொழகொழப்பாக இருக்கிறதே, அது அதுதான். ஆனாலும் தானியத்தின் மொத்த நாரில் பெரும்பகுதி சக்கையில் தங்கிவிடுகிறது. இது ஏன் முக்கியம் என்பது, பெருங்குடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் விளங்கும்.

பலரும் நம்புவது இது: ஓட்ஸ் வயிற்றுக்குள் போய்க் கூழாகும், அந்தக் கூழ் கடைசிவரை வழுக்கிக்கொண்டே போய் மலத்தை இளக்கும். இசப்கோல் உமி ஏறத்தாழ அப்படித்தான் வேலை செய்கிறது. அதன் கூழைக் குடல் பாக்டீரியாக்களால் அவ்வளவாக உடைக்க முடியாது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டே அது வெளியே வருகிறது. பீட்டா குளுக்கானின் கதை வேறு. பெருங்குடலுக்குள் நுழைந்ததுமே பாக்டீரியாக்கள் அதைத் தின்னத் தொடங்கிவிடும். அதில் ஏறக்குறைய எதுவும் மலத்தில் மிஞ்சுவதில்லை.

கரைந்து காணாமல் போகும் ஒன்று மலத்தை எப்படி இளக்கும்? 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு விடை தேடினார்கள். ஒரு காலம் கோதுமைத் தவிடும் மற்றொரு காலம் ஓட்ஸ் தவிடும் கொடுத்து, வெளியேறிய மலத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டும் மலத்தின் எடையைக் கூட்டின. கோதுமைத் தவிட்டில் கூடியது பெரும்பாலும் செரிக்காத தவிடே. ஓட்ஸ் தவிட்டில் கூடியது பாக்டீரியா. நாரைத் தின்று அவை பெருகியிருந்தன. கொழுப்பும் சற்றுக் கூடுதலாக வெளியேறியிருந்தது.

மலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். மீதியுள்ள திடப்பொருளில் பெரும்பங்கு குடலில் வாழ்ந்த பாக்டீரியாக்கள். ஒவ்வொரு பாக்டீரியாவும் தனக்குள் தண்ணீரை அடைத்து வைத்திருக்கும் ஒரு நுண்ணிய பை. பெருங்குடலுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் வந்து சேர்கிறது. அதில் 100, 200 மில்லியைத் தவிர மற்றதெல்லாம் உறிஞ்சப்பட்டுவிடும். மலம் உள்ளே தங்கத் தங்க இன்னும் உறிஞ்சப்பட்டு, கடைசியில் ஆட்டுப்புழுக்கைபோல் ஆகிவிடுகிறது. பாக்டீரியாவுக்குள் இருக்கும் நீரைக் குடலால் எளிதில் பிழிந்தெடுக்க முடியாது. அவை பெருகினால் மலத்தின் அளவு கூடும், மென்மை நிற்கும். அளவு கூடினால் குடல் சுவர் விரிந்து, தள்ளும் அசைவும் தூண்டப்படும்.

ஓட்ஸோ பார்லியோ இன்று சாப்பிட்டு நாளை காலை பலன் எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். அது மலமிளக்கி மாத்திரை அல்ல. பாக்டீரியாக் கூட்டம் புதிய உணவுக்குப் பழகிப் பெருக வேண்டும். அதற்கு நாட்கள் பிடிக்கும். சிலருக்கு இரண்டு, மூன்று வாரங்கள்கூட ஆகலாம்.

பலனின் அளவையும் உள்ளபடி சொல்ல வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஓட்ஸ் நார் 1 கிராம் சாப்பிட்டால் மலத்தின் எடை சராசரியாக 3.4 கிராம் கூடுகிறது. கோதுமைத் தவிட்டு நார் என்றால் 5.4 கிராம். எடையைக் கூட்டுவதில் கோதுமைத் தவிடே முன்னால் நிற்கிறது. ஆனால் தவிட்டைத் தண்ணீர் விட்டு விழுங்கப் பலருக்குத் தொண்டை இடங்கொடுப்பதில்லை. சிலருக்கு அது வயிற்றைப் பிசைகிறது. ஓட்ஸும் பார்லியும் கஞ்சியாக, சோறாக, தோசையாகத் தினமும் தட்டில் இருக்க முடிகிறவை. மாதக் கணக்கில் விடாமல் சாப்பிட முடிவதே இங்கே பெரிய ஆதாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2011-இல் ஆதாரங்களைச் சீர்தூக்கிப் பார்த்து, ஓட்ஸ், பார்லி தானிய நார் மலத்தின் அளவைக் கூட்டுகிறது என்பதை ஏற்றுக்கொண்டது. ஏற்கப்பட்டது தானிய நார். பிரித்தெடுத்த பீட்டா குளுக்கான் தூள் அல்ல. கரையும் நாரும் கரையாத நாரும் ஒன்றாக இருக்கும்போதுதான் இந்தப் பலன் என்பதால்தான் பார்லிச் சக்கையை வீசக் கூடாது.

இதை நடைமுறையில் செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் முதியோருக்கான மருத்துவமனை ஒன்றில் 30 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 57 முதல் 98 வரை. எல்லோரும் தளர்ந்தவர்கள், மலமிளக்கி மருந்துகளை நம்பியிருந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு அன்றாட உணவிலேயே நாளுக்கு 7 முதல் 8 கிராம் ஓட்ஸ் தவிட்டைக் கலந்து 12 வாரங்கள் கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு வழக்கமான சாப்பாடு. முடிவில் தவிடு சாப்பிட்ட பிரிவில் மலமிளக்கிப் பயன்பாடு 59 சதவீதம் நின்றிருந்தது. மற்றப் பிரிவில் அது 8 சதவீதம் கூடியிருந்தது. தவிடு சாப்பிட்டவர்களின் உடல் எடையும் குறையவில்லை. இது 2009-இல் வெளியான ஆய்வு. முப்பதே பேரை வைத்து உலகத்துக்கெல்லாம் விதி எழுதிவிட முடியாது. ஆனால் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான தவிடு, தனி மருந்தாக இல்லாமல் சாப்பாட்டோடு சாப்பாடாக, மூன்று மாதம் இடைவிடாமல் போனது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

வீட்டில் இதை எப்படித் தொடங்குவது? 65 வயதுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் இட்லி, மதியம் வெள்ளைச் சோறு, இரவில் தோசை. காய் பெயருக்குத்தான். இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை, முக்கி முக்கி, கட்டி கட்டியாகப் போகிறது. வேறு நோய் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டார்.

முதல் வாரத்தில் அவர் எடுக்க வேண்டியது அவல்போல் தட்டிய சாதாரண ஓட்ஸ், நாளுக்கு 2 மேசைக்கரண்டி மட்டுமே. அது 10, 12 கிராம் இருக்கும். ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் மோர் ஊற்றி, உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டுக் கஞ்சியாகக் குடிக்கலாம். வழக்கமாகச் சாப்பிடும் இட்லியில் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் போதும். இதோடு கூடுதலாக ஒரு டம்ளர் தண்ணீர். இந்த அளவு நாரைப் பார்த்து, இது எதற்குக் காணும் என்று தோன்றும். இந்த வாரத்தின் வேலை மலத்தை இளக்குவது அல்ல, குடலைப் பழக்குவது.

இரண்டாம் வாரத்தில் கால் கப், அதாவது 20 கிராம். மூன்றாம் வாரத்தில் அரை கப், 40 கிராம். இதில் சுமார் 4 கிராம் நார் கிடைக்கும். அதில் ஒன்றரை கிராம் அளவு பீட்டா குளுக்கான். முன்சொன்ன கணக்கின்படி மலத்தின் எடை 13, 14 கிராம் கூடலாம். தினமும் கஞ்சி அலுத்துவிட்டால் ஓட்ஸை வறுத்துப் பொடித்துத் தோசை மாவில் கலக்கலாம், ரவையோடு சேர்த்து உப்புமா கிளறலாம். மசாலா கலந்த உறை ஓட்ஸில் உப்பும் சேர்ந்தே வருவதால், ரத்த அழுத்தம் உள்ளவர் அதைத் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம்.

நான்காம் வாரத்தில் பார்லி உள்ளே வரலாம். ஜப்பானியர்கள் வெள்ளை அரிசியோடு பார்லியைக் கலந்து ஆக்கும் சோற்றை முகிமேஷி என்கிறார்கள். கொரியாவிலும் அது உண்டு. நம் அடுப்புக்கும் அது பொருத்தமான வழி. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பார்லி. பார்லி மெதுவாக வேகும் என்பதால் முந்தின இரவே ஊறவைத்துவிட வேண்டும். காலையில் அந்த நீரோடு குக்கரில் தனியாக நான்கைந்து விசில் விட்டு எடுத்து, வெந்த சோற்றில் கிளறினால் குழம்புக்கும் மோருக்கும் நன்றாகவே ஒத்துப்போகும். ஒருவர் பங்குக்கு 25 கிராம் பார்லி விழுந்தால் இன்னொரு 4 கிராம் நார். பார்லித் தண்ணீர் பழகியவர்கள் வேகவைத்த தானியத்தை அதே தண்ணீரோடு மசித்து, வடிகட்டாமல் கஞ்சியாகக் குடித்தாலும் சரிதான்.

இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. பாக்டீரியா நாரைத் தின்னும்போது வாயுவும் உண்டாகிறது. ஆகவே தொடக்க நாட்களில் வயிறு சற்று உப்புவதும் காற்றுப் பிரிவதும் எதிர்பார்க்க வேண்டியவை. இரண்டையும் சேர்த்துத் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிரித்தறிய முடியாது. பார்லியில் ஃபிரக்டான் என்ற வேறொரு நாரும் இருக்கிறது. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு அது நிறைய வாயுவையும் வலியையும் தரலாம். அப்படிப்பட்டவர்கள் அளவான ஓட்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்குப் பார்லி முற்றிலும் ஆகாது. அதிலும் குளூட்டன் இருக்கிறது. ஓட்ஸிலும் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

உப்புசம் தாங்க முடியவில்லை என்றால் விட்டுவிடத் தேவையில்லை. முந்தின வாரத்து அளவுக்கு இறங்கி, ஒரு வாரம் அங்கேயே நின்று, பிறகு ஏறினால் போதும். பெரும்பாலோர் செய்யும் தவறு, முதல் நாளே ஒரு பெரிய கிண்ணம் சாப்பிட்டு, மூன்றாம் நாள் வயிறு ஊதி, “ஓட்ஸ் எனக்கு ஒத்துக்காது” என்று முடிவு கட்டிவிடுவது.

முன்னேற்றத்தை எப்படி அறிவது? எத்தனை முறை போகிறது என்பதைவிட எந்த வடிவில் போகிறது என்பதே நல்ல அளவுகோல். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் உருவாக்கிய ஏழு படி அளவுகோல் ஒன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் இருக்கிறது. முதல் படி தனித்தனிப் புழுக்கை. இரண்டாவது, கட்டிகள் ஒட்டிய உருளை. மூன்றாவது, மேலே வெடிப்புள்ள நீள உருளை. நான்காவது, வழவழப்பான, மென்மையான உருளை. ஏழாவது வெறும் தண்ணீர். ஒன்றிலும் இரண்டிலும் இருந்தவர் மூன்று, நான்குக்கு வந்துவிட்டால் வேலை நடக்கிறது என்று பொருள். அங்கே வந்தபின் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம்.

மலம் பருமனாகிறது, ஆனால் முன்னைவிடக் கடினமாக வருகிறது என்றால் முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் வியர்வையாகப் போவதையும் சேர்த்து ஈடுகட்டியாக வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் தாங்களாக நாரையும் நீரையும் கூட்டக் கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதை வழக்கம்போல் வெறும் வயிற்றில் போட்டு, ஒரு மணி நேரமாவது கழித்துக் கஞ்சியைக் குடிக்க வேண்டும். நார் அந்த மருந்தை உடலில் சேரவிடாமல் குறைக்கக்கூடும்.

நான்கைந்து வாரம் சரியாகச் சாப்பிட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால், குறை தானியத்தில் இல்லாமல் குடலின் இயக்கத்தில் இருக்கலாம். 1997-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், குடல் இயக்கம் இயல்பாக இருந்த மலச்சிக்கல்காரர்களில் 85 சதவீதம் பேருக்கு நார் பலன் தந்தது. குடலே மந்தமாக நகர்பவர்களில் 80 சதவீதம் பேருக்கு அது பலன் தரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு மேலும் மேலும் நாரைத் திணித்தால் வயிறுதான் வீங்கும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி மருந்துகள், தைராய்டு குறைபாடு ஆகியவையும் மலத்தை இறுக்கும். அவற்றைக் கவனிக்காமல் கிண்ணத்தை மட்டும் பெரிதாக்குவதில் பொருளில்லை.

படுக்கையிலேயே இருக்கும் முதியவர்கள் உள்ள வீடுகள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பல நாள் வெளிக்குப் போகாமல், மலக்குடலில் கட்டியாக அடைத்துக்கொண்ட நிலையில், அந்தக் கட்டியைச் சுற்றித் தண்ணீர்போல் மட்டும் கசியும். பார்ப்பவர்கள் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடுவார்கள். இந்த நிலையில் ஓட்ஸும் பார்லியும் கொடுத்தால் அடைப்புக்கு மேல் அடைப்புதான். முதலில் மருத்துவர் துணையோடு அந்தக் கட்டி வெளியேற வேண்டும். கஞ்சி அதற்குப் பிறகு.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல், வயிறு வீங்கி வாந்தியோடு காற்றும் பிரியாமல் நிற்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தானியத்தைச் சோதித்துப் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. மற்றவற்றுக்கு அந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.